ஒரே காலை, ஒரே இதயம்: மாரடைப்பும் இதய நிறுத்தமும்

ஜனவரி மாதம். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாய். நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருப்பவர், வயது 52, காலை 7.40-க்கு மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் உணர்ந்தார். பனியிலும் சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. வலி இடது தோள் வழியாக முழங்கை வரை இறங்கியது, தாடையும் வலித்தது. பீடிப் பழக்கம் முப்பது வருடமாக உண்டு. சர்க்கரை இருப்பது தெரியும், மாத்திரை ஒழுங்காக இல்லை. வாய்வு என்று நினைத்துச் சுடுதண்ணீரில் ஓமம் போட்டுக் குடித்துவிட்டு, இன்னும் நான்கு மூட்டை எடை போட்டிருக்கிறார்.

வலி குறையவில்லை. 8.50-க்கு மச்சான் பைக்கில் உட்கார வைத்துப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். 9.05-க்கு இசிஜி எடுத்தார்கள். வி1 முதல் வி4 வரையிலான பதிவுகளில் எஸ்.டி. பகுதி குடை போல மேலே தூக்கியிருந்தது. இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் முழுதாக அடைபட்டிருக்கிறது என்பதற்கான படம் அது. ஆஸ்பிரின் 300 மில்லிகிராமை மென்று விழுங்கக் கொடுத்து, கையில் ஊசிக்குழாய் போட்டு, 108-ஐ வரவழைத்து, இசிஜியைக் கைபேசியில் சேலம் மருத்துவமனையில் இருக்கும் எங்களுக்கு அனுப்பினார் அங்கிருந்த மருத்துவர். அந்த ஒரு தாள் பிறகு எவ்வளவு உதவியது என்று பின்னால் சொல்கிறேன். நோயாளியும் குடும்பமும் இதை எழுத ஒப்புக்கொண்டார்கள். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

9.20-க்கு வண்டி புறப்பட்டது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு அடிவாரம் வழியாக இறங்கினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதுவரை அவர் பேசிக்கொண்டே வந்தார். வலி இருந்தது, நினைவு தெளிவாக இருந்தது, நாடித் துடிப்பு 96, ரத்த அழுத்தம் 110/70. "எடைச் சீட்டு என் சட்டைப் பையில இருக்குது, முதலாளிகிட்டக் குடுத்துரு" என்று மச்சானிடம் சொன்னாராம்.

9.52-க்கு, பாதி மலை இறங்கியபோது, பேச்சு நடுவில் அறுந்தது. கண் மேலே சொருகியது. கை கால் ஒரு முறை விறைத்து வெட்டியது. பிறகு வாயைத் திறந்து, விட்டுவிட்டு, தண்ணீருக்கு வெளியே எடுத்த மீன் போல் மூச்சு இழுத்தார். மச்சான், "மூச்சு விடுறாருங்க, மயக்கந்தான்" என்று சொல்லியிருக்கிறார். ஆம்புலன்ஸில் இருந்த மருத்துவ உதவியாளர் அதை நம்பவில்லை. கழுத்தில் நாடி பார்த்தார், இல்லை. இதயம் நின்றபிறகு முதல் சில நிமிடங்களுக்கு மூளைத்தண்டு இப்படி இழுக்க வைக்கும், அது மூச்சு அல்ல. நான் பார்த்தவற்றில் எத்தனையோ பேர் இந்த இழுப்பை மூச்சென்று எண்ணி, நெஞ்சில் கை வைக்காமலே நிமிடங்களைக் கரைத்திருக்கிறார்கள்.

உதவியாளர் ஓட்டுநரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார். வளைவில் திரும்பும் வண்டிக்குள் நின்றபடி நெஞ்சை நேராக அழுத்த முடியாது, மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியும் ஆட்டத்தில் துடிப்பைப் படிக்காது. இரண்டு வளைவுகளுக்கு நடுவே சாலை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் வண்டி நின்றது. உதவியாளர் அழுத்த ஆரம்பித்தார், ஓட்டுநர் பின்னால் ஏறி ஏஇடியின் ஒட்டுப் பட்டைகளை நெஞ்சில் ஒட்டினார். கருவி காட்டியது வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், இதயத்தின் கீழறைகள் ஒழுங்கில்லாமல் வீணாகத் துடிப்பது, நாங்கள் சுருக்கமாக வி.எஃப். என்போம். 9.54-க்கு முதல் மின்னதிர்ச்சி. பலன் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றி அழுத்தினார்கள். இரண்டாவது, மூன்றாவது அதிர்ச்சிகளும் போயின. அட்ரினலின் 1 மில்லிகிராம் போனது. நான்காவது அதிர்ச்சிக்குப் பிறகு, 10.01-க்கு, கழுத்தில் நாடி திரும்பியது. மொத்தம் ஒன்பது நிமிடம்.

10.30-க்கு எங்களிடம் வந்தார். மூச்சுக்குழாய் போட்டு, நேராக ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோனோம். முன்சுவரில் இறங்கும் தமனி, எல்.ஏ.டி. என்று சொல்வோமே, அது பாதி வழியில் ரத்தக்கட்டியால் முழுக்க அடைபட்டிருந்தது. மற்ற இரண்டு குழாய்களிலும் லேசான படிவுகள், பொருட்படுத்த வேண்டியதில்லை. 11.10-க்குக் கட்டியை உறிஞ்சி எடுத்து ஸ்டென்ட் வைத்தோம். ஓட்டம் திரும்பியது. வலி தொடங்கி மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

மதியம் எக்கோ பார்த்தபோது எனக்கே கை குளிர்ந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் எவ்வளவைத் தள்ளுகிறது என்பதை இ.எஃப். என்று அளப்போம். நல்ல இதயத்தில் 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இவருக்கு 24. முன்சுவர் அசையவே இல்லை, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பின்சுவரும் பக்கச்சுவரும்கூடச் சோர்ந்து கிடந்தன. அவற்றுக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் திறந்தே இருந்தன, நானே சற்று முன் படத்தில் பார்த்திருந்தேன். அடைப்பில்லாத குழாய் பாயும் சுவர் ஏன் அசையவில்லை? நான் எழுத வந்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

அன்று மாலை அவருடைய மனைவி கேட்டார். "டாக்டருங்க, இவுருக்கு வந்தது அட்டாக்குங்களா, இல்ல இதயம் நின்னுபோனதுங்களா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"ரெண்டும் வந்துச்சுங்கம்மா. முதல்ல அட்டாக். ரெண்டு மணி நேரம் கழிச்சு, அதனாலயே, நின்னுபோச்சு" என்றேன்.

தமிழில் மாரடைப்பு என்ற சொல் அழகானது, துல்லியமானதும்கூட. மாரில் ஓர் அடைப்பு. அது குழாய் அடைபடுவதைக் குறிக்கும் சொல். ஆனால் செய்தித்தாளும் துக்க வீட்டுப் பேச்சும் சேர்ந்து, திடீரென்று விழுந்து இறந்த எல்லாரையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கிவிட்டன. இவருக்குக் காலை 7.40-லிருந்து 9.52 வரை மாரடைப்பு மட்டும் இருந்தது. இதயம் துடித்தது, நாடி இருந்தது, பேசினார், எடைச் சீட்டைப் பற்றிக் கவலைப்பட்டார். 9.52-லிருந்து 10.01 வரை இருந்ததுதான் இதய நிறுத்தம். நாடி இல்லை, பேச்சில்லை, பத்து நொடிக்குள் நினைவு போயிற்று. முதலாவதில் இதயத்தின் ஒரு பகுதித் தசைக்கு மட்டும் ரத்தம் போகவில்லை. இரண்டாவதில் இதயம் உட்பட உடம்பு முழுவதற்கும் போகவில்லை.

முதல் இரண்டு மணி நேரத்தில் அந்த முன்சுவருக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். குழாய் அடைபட்ட ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்தப் பகுதி சுருங்குவதை நிறுத்திவிடும். அது சாவல்ல. இருக்கும் கொஞ்ச எரிபொருளைச் சேமிக்கத் தசை வேலை நிறுத்தம் செய்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிக்கப் பார்த்து லாக்டிக் அமிலம் சேரும். ஏறக்குறைய இருபது நிமிடத்துக்குள் குழாய் திறந்துவிட்டால் எல்லாச் செல்லும் பிழைக்கும். அதைத் தாண்டினால் செல்லின் சுவர் ஓட்டையாகும், கால்சியம் உள்ளே வெள்ளமாய்ப் புகும், உள்ளிருக்கும் டிரோபோனின் என்ற புரதம் வெளியே கசிந்து ரத்தத்தில் சேரும். நாங்கள் ரத்தப் பரிசோதனையில் பிடிப்பது அந்தக் கசிவைத்தான். சுவர் கிழிந்த செல்லுக்குத் திரும்பும் வழி இல்லை. இதயத் தசைச் செல் பெருகிப் புதுப்பித்துக்கொள்வது அற்பத்திலும் அற்பம்.

சாவு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். இதயத்தின் பெரிய குழாய்கள் வெளிப்பரப்பில் ஓடுகின்றன, அவற்றின் கிளைகள் சுவருக்குள் துளைத்துக்கொண்டு உள்நோக்கிப் போகின்றன. ஆகவே சுவரின் உட்புறத் தசைதான் கடைமடை. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல். அதிலும் உட்புறத் தசைக்கு அழுத்தமும் வேலையும் கூடுதல். சாவு அங்கே தொடங்கி மணிக்கணக்கில் வெளிநோக்கிப் பரவும். 1977-ல் ரெய்மரும் ஜென்னிங்ஸும் நாய்களின் இதயக் குழாயைக் கட்டி, வெவ்வேறு நேரங்களில் அவிழ்த்துவிட்டு, எவ்வளவு தசை செத்தது என்று அளந்தார்கள். ஆபத்திலிருந்த தசையில் 40 நிமிடத்தில் அவிழ்த்தால் ஏறக்குறைய 38 சதவீதம், 3 மணி நேரத்தில் 57, 6 மணி நேரத்தில் 71 செத்திருந்தது. மனிதரில் பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிந்து வருவதைப் பொறுத்து இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் வடிவம் இதுதான். முதல் ஒரு மணி நேரத்தில் இழப்பது அதிகம், பிறகு வேகம் குறையும். ஓமத் தண்ணீரும் நான்கு மூட்டையும் சேர்ந்து எடுத்துக்கொண்ட எழுபது நிமிடம் அந்த அதிக விலையுள்ள நேரத்திலிருந்து போனது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெஞ்செரிச்சலும் இதே இடத்தில்தான் எரியும், மலையில் யாருக்கும் அது புதிதல்ல. வியர்வையோடு வந்து, கைக்கோ தாடைக்கோ பரவி, கால் மணி நேரத்தில் அடங்காத அழுத்தம் வாய்வாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பதை யாரும் அவருக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை.

இனி அந்த 9.52. செத்துக்கொண்டிருக்கும் தசையிலிருந்து பொட்டாசியம் வெளியே கசியும். அதனால் அந்தப் பகுதிச் செல்களின் மின்நிலை மாறி, மின்னோட்டம் அதன் வழியாக மெதுவாகவும் கோணலாகவும் போகும். பக்கத்திலேயே நலமான தசை வழக்கமான வேகத்தில் கடத்துகிறது. இந்த எல்லையில் ஒரு மின் அலை வந்த பாதையிலேயே திரும்பி நுழைந்துவிட்டால் சுழல ஆரம்பிக்கும். ஒரு சுழல் உடைந்து பல சுழல்களாகும். அதுதான் வி.எஃப். அடைபட்ட முதல் சில மணி நேரத்தில் இந்த ஆபத்து மிக அதிகம். மாரடைப்பில் மருத்துவமனை வாசலைத் தொடாமலே இறப்பவர்களில் பெரும்பாலோர் இறப்பது தசை செத்ததால் அல்ல, இந்தச் சுழலால்தான்.

வி.எஃப்.பில் இதயம் அசையாமல் கிடப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தேர் வடம் பிடித்த ஆயிரம் பேரும் ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எப்படியோ அப்படி. எல்லாரும் முழுப் பலத்தோடு இழுக்கிறார்கள், தேர் ஓர் அடி நகரவில்லை, ஆட்கள் மட்டும் களைத்துப்போகிறார்கள். தசை எரிபொருளைச் செலவழித்துக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டு ரத்தமும் வெளியே போகாது. மின்னதிர்ச்சி செய்வது எல்லாரையும் ஒரு கணம் வடத்தை விடச் செய்வது. விட்டபிறகு, இதயத்தின் இயல்பான மின்முனை முதல் குரல் கொடுக்க, எல்லாரும் ஒன்றாக இழுக்க வேண்டும். அதற்குக் கையில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

முதல் மூன்று அதிர்ச்சிகளும் வீணானதாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. குழாய் அடைபட்டே இருந்ததால், சுழலுக்குக் காரணமும் அங்கேயே இருந்தது. அந்த நிலையில் அதிர்ச்சி உடனே பிடிக்காமல் போவது வழக்கம். நடுவே நடந்த அழுத்தம்தான் நான்காவதைப் பிடிக்க வைத்தது. நெஞ்சை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும்போது மூளைக்கு ரத்தம் போகிறது. கையை முழுதாக எடுத்து நெஞ்சை மேலே எழ விடும்போதுதான் இதயத்தின் சொந்தக் குழாய்களுக்கு ரத்தம் வருகிறது. இந்த இரண்டாவது பாதி பலருக்கும் தெரிவதில்லை. நெஞ்சின் மேல் சாய்ந்தபடியே அழுத்தினால் இதயத் தசை பட்டினி கிடக்கும். அந்தக் குழாய்களில் ரத்த அழுத்தம் பல அமுக்கல்களில்தான் மெல்ல ஏறும், கை நின்ற சில நொடிகளில் விழுந்துவிடும். வண்டியை நிறுத்தியது நேர விரயம் என்று அன்று பின்னால் வந்த ஒருவர் சத்தம் போட்டாராம். ஆனால் ஓடும் வண்டியில் தடுமாறித் தடுமாறி அழுத்தியபடியே அடிவாரம் வந்திருந்தால், அவரை நாங்கள் உயிரோடு பார்த்திருப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதய நிறுத்தத்தில் முதலில் அழிவது இதயம் அல்ல, மூளை. ரத்தம் முழுதாக நின்றால் மூளை நான்கைந்து நிமிடத்தில் சேதப்பட ஆரம்பிக்கும். இதயத் தசைக்கு இருபது நிமிடம் போலத் தாங்கும் திறன் உண்டு. மாரடைப்பில் இது தலைகீழ். மூளை நன்றாக இருக்க, தசை மணிக்கணக்கில் சாகும். நின்றுபோன ஒன்பது நிமிடத்தில் இவருடைய இதயத்தில் புதிதாகச் செத்த தசை மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று அந்த மாலையே கணக்கிட்டேன். அப்படியானால் பின்சுவரும் பக்கச்சுவரும் ஏன் கிடக்கின்றன?

அவை மரத்துப்போயிருந்தன. பட்டினி கிடந்த தசைக்கு ரத்தம் திரும்பியும், உயிரோடு இருந்தும், உடனே வேலைக்குத் திரும்பாத நிலை இது. 1982-ல் பிரவுன்வால்டும் குளோனரும் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் மரத்த தசை என்றால் பொருந்தும். வெகுநேரம் மடித்து உட்கார்ந்த கால், எழுந்தவுடன் நம்முடையது போலவே இருக்காது, ஆனால் கால் அங்கேதான் இருக்கிறது. ரத்தம் திரும்பும் கணத்தில் கிளம்பும் ஆக்சிஜன் துகள்களும், செல்லுக்குள் கால்சியத்தைக் கையாளும் அமைப்பின் கோளாறும் சேர்ந்து, சுருங்கும் இழைகள் கட்டளைக்குச் சரியாகப் பணியாமல் போகின்றன. இதயம் நின்று திரும்பியவர்களுக்கு இது முழு இதயத்திலும் வரும். ஏனென்றால் பட்டினி முழு இதயத்துக்கும். அட்ரினலினும் அதிர்ச்சிகளும் தங்கள் பங்கைக் கூட்டும். முதல் எட்டு மணி நேரம் போல மோசமாகி, பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரத்தில் தெளியும்.

ஆக அன்று மதியம் அந்தத் திரையில் நான் பார்த்த 24 சதவீதத்துக்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருந்தன. முன்சுவரில் செத்த தசை. முன்சுவரிலேயே சாகாமல், குழாய் அடைப்பால் மரத்த தசை. மற்ற சுவர்களில் இதய நிறுத்தத்தால் மரத்த தசை. எக்கோ அசைவை மட்டும் காட்டும், மூன்றும் அதற்கு ஒன்றுபோலத்தான். பிரிக்க எனக்கு இருந்த துப்பு பரப்பளவு மட்டுமே. மாரடைப்பின் சேதம் ஒரு குழாயின் எல்லைக்குள் நிற்கும். அந்த எல்லையைத் தாண்டிக் கிடக்கும் சுவர் வேறு கதை சொல்கிறது. டிரோபோனின் அளவும் இங்கே உதவாது. நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும்கூட அதைக் கொஞ்சம் ஏற்றிவிடும்.

கிளினிக்கிலிருந்து வந்த அந்த இசிஜி இங்கேதான் கைகொடுத்தது. இதயம் திரும்பிய முதல் சில நிமிடங்களில் எடுக்கும் இசிஜி, குழாய் அடைப்பே இல்லாதவரிடமும் மாரடைப்பு போலக் காட்டக்கூடும். நின்று திரும்பியவரிடம் எது முந்தியது என்று அதை வைத்துச் சொல்வது கடினம். இவருக்கு நிற்பதற்கு 47 நிமிடம் முன்பே எடுத்த தாள் எங்கள் கையில் இருந்தது. அடைப்புதான் முதலில் என்பதில் சந்தேகமே இல்லை, ஆஞ்சியோ அறைக்குப் போவதில் யாரும் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை.

மறுநாள் காலை கையை அழுத்தச் சொன்னால் அழுத்தினார், மூச்சுக்குழாயை எடுத்தோம். முதல் கேள்வி எடைச் சீட்டு. மூன்றாம் நாள் எக்கோவில் பின்சுவரும் பக்கச்சுவரும் இயல்பாகச் சுருங்கின. இ.எஃப். 37. இந்த 13 சதவீத ஏற்றத்தில் பெரும்பங்கு நிறுத்தத்தால் மரத்த தசை விழித்துக்கொண்டதால் வந்தது. முன்சுவர் அன்றும் அப்படியே கிடந்தது.

அந்த வாரத்தில்தான் குடும்பத்தோடு ஒரு நீண்ட பேச்சு நடந்தது. சொந்தக்காரர் ஒருவர், "மறுபடி நின்னுரும், நெஞ்சுக்குள்ள மிஷின் வெச்சிருங்க, நெலத்த வித்தாவது கட்டிர்றோம்" என்றார். அவர் சொன்னது ஐசிடி என்ற கருவி. வி.எஃப். வந்தால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுக்கும். நான் இப்போது வேண்டாம் என்றேன். முழு அடைப்பு வந்த முதல் 48 மணி நேரத்துக்குள் வரும் வி.எஃப்.புக்கு அந்த அடைப்பே காரணம். குழாயைத் திறந்தாயிற்று. அந்த ஒரு நிகழ்வை மட்டும் வைத்துக் கருவி பொருத்துவதில்லை. ஆனால் பிற்காலத்தில் தசை மிகப் பலவீனமாக நின்றுவிட்டால், வடுவின் ஓரத்திலிருந்து புதுச் சுழல் கிளம்பும் ஆபத்து உண்டு. அதை முடிவு செய்யக் குறைந்தது 40 நாள் கழித்தும், இவரைப்போல ஸ்டென்ட் வைத்தவருக்கு மூன்று மாதம் கழித்தும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். இ.எஃப். 35-க்குக் கீழேயே நின்றால்தான் பேச்சு. முதல் நாள் 24-ஐப் பார்த்துப் பொருத்தியிருந்தால் மரத்த தசையைச் செத்த தசை என்று எண்ணி நிலத்தை விற்க வைத்திருப்போம்.

எதிர்ப்பக்கமும் ஒரு பிழை உண்டு. மூன்றாம் நாள் முன்னேற்றத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று அனுப்புவது. செத்த முன்சுவரில் அப்போதுதான் வேலை மும்முரமாக நடக்கிறது. முதலில் வெள்ளணுக்கள் வந்து சேரும், பிறகு பெருவிழுங்கணுக்கள் செத்த செல்களை அகற்றும். பழைய தசையைக் கழித்தாயிற்று, புது நார்த்திசு இன்னும் கட்டப்படவில்லை என்ற இடைவெளி முதல் வாரத்தில் வரும். சுவர் மிக மெலிந்து இருக்கும் நாட்கள் அவை, கிழிய வாய்ப்புள்ளதும் அப்போதுதான். ஆறு முதல் எட்டு வாரத்தில் கெட்டியான வடு உருவாகும். வடு கிழியாது, ஆனால் சுருங்கவும் சுருங்காது. அந்த வாரங்களில் மிச்சத் தசை மேல் சுமை ஏறி இதயம் பலூன் போல விரியாமல் இருக்கத்தான் பீட்டா பிளாக்கர், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் என்று மாத்திரைகள். நன்றாகிவிட்டேன் என்று அவர் நிறுத்திவிடுவாரோ என்ற பயம் எனக்கு இருந்தது. அவர் மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவில் கிழமைவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் அவர்கள் வந்தபோது இ.எஃப். 45. முன்சுவரின் நடுப்பகுதி சுருங்க ஆரம்பித்திருந்தது. அடைப்பால் மரத்திருந்த தசை அது, விழிக்க வாரங்கள் எடுத்துக்கொண்டது. இதயத்தின் நுனி மட்டும் மெலிந்து, வெள்ளையாகப் பளபளத்து, அசைவற்று இருந்தது. மூன்று கலவையும் அன்று தனித்தனியாகப் பிரிந்து நின்றன. நிறுத்தம் எடுத்ததை மூன்று நாளில் திருப்பிக் கொடுத்தது. அடைப்பு எடுத்ததில் பாதியை ஆறு வாரத்தில் கொடுத்தது, நுனியைக் கொடுக்கவில்லை.

அதே ஜனவரி மாதத்தில் ஆத்தூர்ச் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மின்சாரம் தாக்கிய 24 வயது இளைஞரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஈரத் தரையில் நின்று மோட்டார் சுவிட்சைத் தொட்டிருக்கிறார். வெளியிலிருந்து வந்த மின்னோட்டமே அவருக்கு வி.எஃப். உண்டாக்கியது. கூட வேலை பார்த்தவர் மெயினை அணைத்துவிட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார், ஆம்புலன்ஸ் வந்து ஒரே அதிர்ச்சியில் திரும்பியது. முதல் எக்கோவில் இ.எஃப். 30, எல்லாச் சுவரும் ஒரே சீராகச் சோர்ந்து. நான்காம் நாள் 60. எல்லை கட்டிய சேதம் எங்கும் இல்லை, வடு இல்லை. இதயக் குழாய்கள் பளிங்கு போலச் சுத்தம். இதய நிறுத்தம் தனியாக, மாரடைப்பின் கலப்பில்லாமல் வந்தால் தசையில் விட்டுப்போகும் தடம் இவ்வளவுதான், சீக்கிரம் திரும்பக் கொண்டுவந்தால்.

இரண்டு மாதம் கழித்து அந்த இளைஞர் அம்மாவோடு வந்தார். வேறு ஓரிடத்தில் அவருடைய பழைய சீட்டைப் பார்த்து யாரோ 'மாரடைப்பு வந்தவர்' என்று எழுதி, வாழ்நாள் முழுக்க ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். பெண் பார்த்த வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். "எம் பையனுக்கு இருதயம் கெட்டுப்போச்சுங்களா?" என்று அந்த அம்மா கேட்டபோது குரல் உடைந்தது. மறுபடி எக்கோ, இசிஜி எல்லாம் எடுத்துக் காட்டினேன். மாத்திரைகளை நிறுத்தினேன். 'மின்தாக்குதலால் இதய நிறுத்தம். இதயத் தசையில் நிலையான சேதம் இல்லை. மாரடைப்பு அல்ல' என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மேஸ்திரி மூன்றாம் மாதம் வந்தார். இ.எஃப். 46. கருவி வேண்டாம் என்று முடிவாயிற்று, மாத்திரை தொடரும். அவர் சீட்டில் இரண்டு வரி, தனித்தனியாக, நேரத்தோடு எழுதியிருக்கிறேன்: 7.40, மாரடைப்பு. 9.52, இதய நிறுத்தம்.